வெள்ளிக்கிழமைக்கு ஒரு நண்டு

சுனாமி கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் சுவர்ப் பூச்சு உதிர ஆரம்பித்திருந்த நேரம். அதற்கப்புறம் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வந்தது. கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்த பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியே வயல்காட்டில் நிறுத்தி, ஜனங்களை நடக்க விட்டார்கள். அந்தச் சனிப்பெயர்ச்சிதான் எனக்குக் கணக்கு. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அந்த வருஷம் பிறந்தவள், அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் காரைக்கால்மேடு. நான் மீன் ஏலம் கூறுகிறவன். கூடையைக் கவிழ்த்துக் கொட்டியதும் பார்த்த மாத்திரத்தில் ஒரு விலையைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டும். ஆரம்ப விலை தப்பினால் வாங்குகிறவனும் திட்டுவான், விற்கிறவனும் திட்டுவான். தொண்டைதான் முதலீடு. அந்தத் தொண்டை வயதாகி உடைந்து, சொரசொரவென்று ஆனபிறகு ஏலத்தை வேறொருத்தரிடம் விட்டுவிட்டேன். அப்படிச் சும்மா இருந்தபோதுதான் என் மகள் அந்த உடைந்த தொண்டையே வேண்டும் என்று கேட்டாள்.

மகள் சென்னையில் கார்ட்டூன் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்ப்யூட்டரில் படம் வரைந்து அதை நடக்க வைக்கிற வேலை. மருமகன் கப்பலில். அவள் முழுகாமல் இருந்தாள். முதல் ஒன்று தங்காமல் போயிருந்ததால் இந்தத் தடவை டாக்டர் தினமும் ரயிலேறி வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். விசைப்படகுக்குத் தடைக்காலம் போட்டிருந்த மாதத்தில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பெட்டி, பின்னால் ஆட்டோவில் கம்ப்யூட்டர்.

“ஏண்டி, பிள்ளை பெக்க வந்தியா, கடை வைக்க வந்தியா?” என்றாள் என் வீட்டுக்காரி.

“ரெண்டுக்குந்தாம்மா.”

வெளிநாட்டில் இருக்கிற தமிழர்கள் பார்ப்பதற்காக இன்டர்நெட்டில் நடந்த ஒரு இடத்தில் வேலை பார்த்த ஆள், அவளிடம் ஒரு தொடர் கேட்டிருந்தார். பதிமூன்று கதை. வாரம் ஒன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம். நேரில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. போனில் மட்டும் பழக்கம், அதனால் எங்களுக்கு அவர் போன்காரர். “வாரம் தவறக்கூடாது. தவறினா அந்த எடத்துக்கு வேற தொடர் காத்துக்கிட்டு நிக்குது” என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். மகளுக்கு அதுதான் பயம். சென்னையில் அவள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. இது போனால், பிள்ளை பிறந்தபிறகு அவளுக்கென்று ஒரு வேலை கிடையாது.

கதை ஒரு நண்டையும் ஒரு தெருநாயையும் பற்றியது. கடற்கரையில் ஒதுங்குகிறதையெல்லாம் நண்டு ஏலம் விடும். ஒற்றைச் செருப்பு, சோடா பாட்டில், யாரோ விட்ட பட்டம். நாய் ஒன்றுதான் வாங்குகிற ஆள். அதனிடம் கொடுக்க எதுவும் இருக்காது, ஆனாலும் விலை கேட்கும்.

“அப்பா, நண்டு நீதான்.”

“நான் என்னாத்துக்குடி? எனக்குப் படிக்கவா தெரியும்?”

“நண்டுக்குந்தான் தெரியாது. நான் சொல்றேன், நீ ஒன் வாயால சொல்லு.”

காரைக்கால் டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் அறை பிடித்தார்கள். எங்கள் வீட்டிலேயே செய்யலாமே என்றேன். எங்கள் வீட்டில் அலைச் சத்தம் நிற்காது, அது குரலோடு சேர்ந்து பதிவாகிவிடும் என்றாள். நாற்பது வருஷமாக இந்தக் கரையில் இருக்கிறேன், அலைச் சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. மாடி அறையில் ஜன்னலுக்கு மெத்தையைக் கட்டி, ஃபேனை நிறுத்தி, என்னை மூலையில் உட்கார வைத்துப் பேசச் சொல்வாள். வேர்த்து ஊற்றும். பஸ்காரன் ஹாரன் அடித்தால் மறுபடியும் முதலிலிருந்து.

கூட இரண்டு பேர். கரை, வானம், படகு என்று பின்னால் தெரிகிறதையெல்லாம் வரைகிறது சுரக்குடிப் பெண். விவசாயக் குடும்பம். திருநள்ளாற்றுப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து போவாள். துண்டு துண்டாக இருக்கிற படத்தை ஒட்டிச் சத்தம் சேர்க்கிற தம்பி டவுன்காரன், முன்னால் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்தவன். நாய்க்கும் அவன்தான் குரல்.

முதலில் குரல்தான். அது எனக்குப் புதுசாக இருந்தது. படம் வரைந்துவிட்டு அப்புறம் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. நான் பேசின பேச்சுக்குத் தகுந்தபடிதான் நண்டுக்கு வாய் வரைவார்கள். நான் இழுத்தால் வாயும் இழுபடும். வாய் வரைகிறதும் ஆளை நடக்க வைக்கிறதும் மகள் வேலை. பின்னால் கரையும் வானமும் சுரக்குடிப் பெண். கடைசியில் தம்பி ஒட்டி, சத்தம் சேர்த்து, கம்ப்யூட்டரை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். அது தானாக ராத்திரியெல்லாம் எல்லாவற்றையும் ஒரே படமாகச் சுட்டு எடுக்கும். நடுவில் கரண்டு போனால் மறுபடியும் முதலிலிருந்து.

அறையில் சுவருக்குச் சுவர் மூன்று கம்பி கட்டியிருந்தாள், துணி காயப்போடுகிற கம்பி. ஒரு கதைக்கு ஒரு அட்டை. அட்டையில் எழுத்து குறைச்சல், படம் பெரிசு. செருப்புக் கதைக்குச் செருப்பு, பட்டக் கதைக்குப் பட்டம். எனக்காகத்தான் அப்படி வரைந்தாள் என்று நினைக்கிறேன், அவள் சொன்னதில்லை. முதல் கம்பியில் தொங்கினால் குரல் முடிந்தது. இரண்டாவது கம்பி, வரைந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது கம்பிக்கு வந்துவிட்டால் முழுசாக முடிந்தது, எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். கிளிப்பு மாட்டி ஆடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கம்பியைத்தான் அவள் எந்நேரமும் பார்ப்பாள்.

“ஒரு கதை செய்ய நமக்குப் பத்து நாளாவுது. வெள்ளிக்கிழமை ஏழு நாளைக்கு ஒருதரம் வந்துருது. அப்ப ஒவ்வொரு கதைக்கும் மூணு நாள் நாம பின்னால போறோம். அதனால முன்னாலயே சேத்து வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும்” என்று அந்த இரண்டு பேரிடமும் சொன்னாள். அதோடு விடவில்லை. சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் சுரக்குடிப் பெண்ணுக்குப் பஸ் ஓடாது, அதற்குச் சில நாள். தீபாவளிக்குச் சில நாள். ஐப்பசி மழையில் கரண்டு போகிற நாள். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் ஆஸ்பத்திரியில் படுக்கிற நாளும் பச்சை உடம்போடு வீட்டில் இருக்கிற நாளும். பிள்ளைப்பேற்றுக்குக் கணக்குப் போட்டுக் கதை சேர்த்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். என்னைக் கொண்டு பதிமூன்று கதைக்கும் குரலை முன்னாலேயே எடுத்து முடித்துவிட்டாள். “ஒனக்குச் சளி புடிச்சா எல்லாம் நின்னுரும்ப்பா” என்றாள்.

போன்காரர் அவசரப்பட்டார். பிள்ளையார் சதுர்த்திக்கே ஆரம்பித்துவிடலாம் என்றார். அப்போது மூன்றாவது கம்பியில் நாலு அட்டைதான். மகள் கணக்கை எடுத்துச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரி, “சனிப்பெயர்ச்சி முடியாம இந்த வீட்டுல எதுவும் ஆரம்பிக்கப்படாது, சொல்லிப்புட்டேன்” என்று சமையல்கட்டிலிருந்து கத்துகிற குரலிலேயே கத்தினாள். அது போனுக்குள் போய்விட்டது. அப்புறம், “சரி, அம்மா சொல்றாங்கன்னா பெயர்ச்சிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வச்சுக்குவோம்” என்றார். மகள் போனை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கணக்குக்கு மசியாதவர் சனிக்கு மசிந்துவிட்டார்.

அப்படியாக, முதல் கதை போகும்போது ஏழு அட்டை தொங்கியது.

வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் ஊர்ப் பயல்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். சனிக்கிழமை அது யாரோ ஒருவர் போனில் ஏறி, அங்கிருந்து இன்னொரு போனுக்குத் தாவி, ஞாயிற்றுக்கிழமை ஏலக்கரையில் எல்லோர் கையிலும் இருக்கும். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுப் பையன், பைபர் படகு வைத்திருந்தவன், புதிதாகக் கல்யாணமானவன். அவன்தான் ரொம்பக் கிண்டல்.

“என்னா பெரியப்பா, நண்டுக்கு இன்னிக்குக் கொழம்பா, வறுவலா?”

“ஒன்ன மாதிரி ஆளு வந்து ஏலம் கேட்டா கொழம்புதான்டா.”

“ஒரு தரம், ரெண்டு தரம்...” என்று என் குரலிலேயே இழுத்துக்கொண்டு படகைத் தள்ளுவான். அவன் பெண்டாட்டி வாசலில் நின்று சிரிப்பாள். என் தொண்டை உடைந்தபிறகு என்னை யாரும் கிண்டல் செய்ததில்லை. அவன் செய்தது எனக்குப் பிடித்திருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பதிமூன்றில் ஏழாவது கதை, படகுக் கதை. நண்டும் நாயும் ஒரு கொட்டாங்கச்சிப் படகில் கடலுக்குப் போகும். ஆற்று வாயில் படகு கவிழ்ந்துவிடும். நாய் தண்ணீரில் தத்தளிக்கும். நண்டு கரையில் ஏறி நின்றுகொண்டு, “கவுந்த படகு ஒண்ணு, ஈரமான நாயி ஒண்ணு, ஒரு தரம்!” என்று ஏலம் விடும். கடைசியில் பலகையில் மாட்டி நண்டுக்கு ஒரு கொடுக்கு போய்விடும். இருந்ததிலேயே சிரிப்பு அதில்தான் அதிகம். எடிட்டிங் தம்பி, “அக்கா, நீங்க ஆஸ்பத்திரில இருக்கற வாரத்துல நல்ல கதையாப் போவணும். அப்பதான் பாக்குற ஆளு ஓடமாட்டான்” என்று சொல்லி அதை அந்த வாரத்துக்குப் போடச் சொன்னான். மகளுக்கும் சரியாகப் பட்டது. அதற்கு அடுத்த கதைகளில் எல்லாம் நண்டுக்கு ஒற்றைக் கொடுக்குதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் கொடுக்கு முளைக்கும்.

கடல் அமைதியாக இருந்த ஆனி மாதத்தில் குரல் கொடுத்தேன். அது வெளியே போகப்போவது கடல் புரளுகிற ஐப்பசிக் கடைசியில் என்று யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து ஆளின் வலையைப் பார்த்தே எந்த மாதம் என்று சொல்கிற ஊர் எங்கள் ஊர். ஆனால் கம்பியில் தொங்குகிற கதைக்கும் மாதம் உண்டு என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

மகளுக்கு வலி வந்து காரைக்கால் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போவதற்கு முன் கையிலிருந்த நாலு கதையையும் டிஸ்க்கில் எழுதி, எந்தக் கதை எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லி, கூரியரில் போன்காரருக்கு அனுப்பியாயிற்று. படகுக் கதை அதில் முதலாவது. “இனிமே நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தாலும் அது பாட்டுக்குப் போவும்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். திங்கட்கிழமை பெண் பிள்ளை பிறந்தது.

அதே திங்கட்கிழமை விடியற்காலை, மூன்றாவது வீட்டுப் பையனின் படகு அரசலாற்று முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. படகில் இருந்தது இரண்டு பேர். ஒருத்தர் நீந்தி வந்துவிட்டார். அவன் வரவில்லை.

எங்கள் ஊரில் ஒரு ஆள் கடலில் காணாமல் போனால், கிடைக்கிறவரை எந்தப் படகும் தொழிலுக்குப் போகாது. தேடத்தான் போகும். ஏலக்கரையில் காகம்தான் நடக்கும். நான் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவன் பெண்டாட்டி அழவில்லை. படகு போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பயல் போனை வைத்து நோண்டிக்கொண்டிருந்தான். அதிலிருந்து என் குரல், “ஒரு தரம்” என்றது. போன வாரத்துக் கதை. யாரோ பிடுங்கி அணைத்தார்கள். அப்போதுதான் எனக்கு மூன்றாவது கம்பி ஞாபகம் வந்தது. செருப்பு, பாட்டில், பட்டம்... அடுத்து தொங்குவது கொட்டாங்கச்சி.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலிலேயே வீட்டுக்காரி மறித்துக்கொண்டாள்.

“அங்க உக்காந்துட்டு வந்த காலோட உள்ள வராதீங்க. பச்ச உடம்புக்காரி.”

“அவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்டி. வெள்ளிக்கிழம...”

“வெள்ளிக்கிழமையும் வேணாம், சனிக்கிழமையும் வேணாம். சாவு சேதிய பிள்ள பெத்தவ காதுல போட்டா பால் கட்டிக்கும். அந்தப் பையனும் இவளும் ஒண்ணாப் படிச்சவங்க. தெரியுமில்ல?”

தெரியும். அவள் சொன்னது தப்பில்லை. கதவுச் சந்து வழியாக, “அப்பாவா வந்துருக்கு? ஏன் வாசல்ல நிக்கிது?” என்று மகள் கேட்டது காதில் விழுந்தது. “செருப்பு ஈரமா இருக்காம்” என்றாள் வீட்டுக்காரி. பேத்தி முகத்தைக்கூடப் பார்க்காமல் படியிறங்கினேன்.

நேராக மாடி அறைக்குப் போனேன். சுரக்குடிப் பெண்ணும் தம்பியும் ஏற்கெனவே கேள்விப்பட்டு, வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“அய்யா, அடுத்த கதைய முன்னால போடச் சொல்லிருவமா?” என்றான் தம்பி. “டிஸ்க்குதான் அங்க இருக்கே.”

“அதுல நண்டுக்கு ஒரு கொடுக்குதானே இருக்கு,” என்றாள் சுரக்குடிப் பெண். “இன்னொண்ணு எங்கன்னு கேக்கமாட்டாங்களா? அதுக்கடுத்ததும் அப்படித்தான். எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்சிருக்கோம். தனியா நிக்கிற கதை ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப இந்த வாரம் விட்டுருவோம்.”

“விட்டா எடம் போயிரும். அக்கா மொகத்துல எப்படி முழிக்கிறது?”

நான் சொன்னேன். “எம் பொண்ணு கதை நிக்கக்கூடாது. அதேநேரம் என் குரல் அந்த வாசல்ல கவுந்த படகை ஏலம் விடவும் கூடாது. ரெண்டுக்கும் ஏதாச்சும் வழி இருக்கான்னு பாருங்க. எனக்கு ஒங்க வேலை தெரியாது.”

கீழே பாத்திரக்கடையில் அண்டா உருட்டுகிற சத்தம். சுரக்குடிப் பெண்தான் ஆரம்பித்தாள், பாதி தனக்குத்தானே பேசுகிற மாதிரி. “கரை வரைஞ்சது இருக்கு. இழுத்துப்போட்ட படகு இருக்கு. நண்டையும் நாயையும் முதுகு காட்டி உக்கார வச்சுட்டா...”

“வாய் வேணாம்!” என்றான் தம்பி.

வாய் வேண்டாம் என்றால் அந்த வேலையில் பாதி குறைந்துவிடும் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. முகம் தெரியாவிட்டால் பேச்சுக்குத் தகுந்த வாய் வரைய வேண்டாம். அலை மட்டும் வந்து போனால் போதும், நாய் வால் ஒருதரம் அசைந்தால் போதும். ஒரு நிமிஷப் படம். சின்னதாக இருப்பதால் கூரியர் வேண்டாம், பிரவுசிங் சென்டரிலிருந்தே அனுப்பிவிடலாம். இது படகுக் கதைக்கு முன்னால் வருவதால் நண்டுக்கு இரண்டு கொடுக்கும் இருக்கலாம்.

ஆனால் போன்காரர் ஒப்ப வேண்டும். அவர் மகளிடம்தான் பேசுவார். தம்பி போட்டுப் பேசினான். “அவங்க சொல்லணுமே” என்றாராம். தம்பி என்னிடம் போனை நீட்டிவிட்டான்.

“யாருங்க?” என்றார் அந்தப் பக்கம்.

“நாந்தாங்க, அவ தகப்பன்.”

அப்புறம், “நண்டா?” என்றார்.

“ஆமாங்க. நண்டுதான்.”

விஷயத்தைச் சொன்னேன். எனக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. பையன் படகைத் தள்ளும்போது என் மாதிரியே இழுத்துச் சொல்வதிலிருந்து ஆரம்பித்து, வார்டு வாசல் வரைக்கும் சொன்னேன். வெளிநாட்டுப் போன், காசு ஓடும் என்று தம்பி கையைக் காட்டினான். அவர் குறுக்கே பேசவில்லை.

“எங்க ஊருல படகு எறங்காதுங்க,” என்று முடித்தேன். “அந்த மாதிரி இதையும் ஒரு வாரம் எறக்காம வைக்கணும். எடத்தை மட்டும் வேற யாருக்கும் குடுத்துராதீங்க.”

“புதன்கிழமைக்குள்ள எனக்கு அந்த ஒரு நிமிஷம் வந்துரணும் அய்யா. வெள்ளிக்கிழமை அந்த எடத்துல அது இருந்தா வாரம் தவறுனதா நான் கணக்குல வைக்கமாட்டேன். ஆனா அடுத்த வெள்ளிக்கு முழுக்கதை வேணும்.” போனை வைக்குமுன், “என் அண்ணனும் கடல்லதான் போனாரு” என்றார். எந்தக் கடல் என்று நான் கேட்கவில்லை.

தம்பி எங்கள் ஊருக்கு வந்து அலைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனான். எது வேண்டாமென்று மெத்தை கட்டினார்களோ அதையே தேடி வந்தான். புதன்கிழமை போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே பையனும் கிடைத்தான், வடக்கே ஒதுங்கியிருந்தான். அதைப்பற்றி வேறு சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஊர்ப் பயல்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏலக்கரையில் போன் கைமாறியது. யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. கிழவர் ஒருத்தர் மட்டும், “நண்டும் தொழிலுக்குப் போவலியா?” என்று கேட்டார். “போவலை” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கு முழுக்கதை வேண்டுமே. படகுக் கதையை அப்படியே விட முடியாது, கருமாதி இன்னும் ஆகவில்லை. கொடுக்கு போகிறதையும் விட முடியாது, மற்றக் கதைகளெல்லாம் அதில் தொங்குகின்றன. அதனால் இரண்டு பேரும் படகை எடுத்துவிட்டு, கரையில் கிடந்த பிஸ்கட் டப்பாவைப் போட்டார்கள். நண்டு அதை ஏலம் விடப்போய் மூடியில் மாட்டிக்கொள்ளும். எனக்கு மூன்று நாள் தீட்டுதான், அது கழிந்ததும் புதுசாகக் குரல் கொடுத்தேன். சிரிப்பாகப் பேச வரவில்லை. “பரவால்லிங்க அய்யா, நண்டுக்கு வலிக்கத்தானே செய்யுது” என்று தம்பி அதையே வைத்துக்கொண்டான். மகள் வரைந்து வைத்திருந்த பழைய நடை, பழைய வாய் எல்லாவற்றையும் எடுத்து ஒட்டினார்கள். பழைய கதை அளவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வந்தது.

மகளுக்குத் தெரிந்தது பிள்ளையோடு வீட்டுக்கு வந்தபிறகு. மூன்றாவது வீட்டு வாசலில் பந்தல் கம்பு நட்ட குழியைப் பார்த்துவிட்டாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. சாவுக்காக அழுதாளா, தன்னைக் கேட்காமல் செய்ததற்காகக் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

“அந்த ஒரு நிமிஷத்தப் பாத்தேன்ப்பா.”

“ஒன்னக் கேக்காம...”

“என்னக் கேட்டிருந்தா, விடு, கதை போவட்டும்னு சொல்லியிருப்பனோ என்னமோ. எனக்கு அப்ப வெள்ளிக்கிழம மட்டுந்தான் தெரிஞ்சிது.” பிள்ளையின் கையை எடுத்து விரலை விரித்துப் பார்த்தாள். “கம்பில எத்தன இருக்கு?”

எனக்குச் சொல்ல மனமில்லை. அந்த இரண்டு பேரும் படகுக் கதையைத் திரும்பச் செய்ததில் மற்றது ஓடவில்லை. வாரம் ஒன்று இறங்க இறங்க, அவள் மறுபடி மாடியேறிய அன்றைக்கு மூன்றாவது கம்பியில் ஒரே ஒரு அட்டை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் அடியில் போய் நின்றாள். அட்டை ஃபேன் காற்றில் ஆடியது.

“ஒண்ணு இருக்குல்ல? போதும்,” என்றாள். புது அட்டை ஒன்றை எடுத்து, முதுகு காட்டி உட்கார்ந்த நண்டும் நாயும் வரைந்து, மூன்றாவது கம்பியின் ஓரத்தில் மாட்டினாள். “இது எதோடயும் கோக்காத கதை. எப்ப வேணுன்னாலும் போடலாம். இது எப்பவும் இங்கதான் தொங்கணும்.” அதை உண்மையிலேயே செய்து முடித்த பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டாள். அது கடைசிவரை போடப்படவில்லை. அட்டை மஞ்சளாகிப்போனதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் தவறவில்லை. பொங்கலுக்கு முன்னால் பதிமூன்றாவது கதையும் போனது. அடுத்த தொடருக்கும் அவளுக்கு ஆள் கிடைத்தது, வேறு இடம். ஏனென்றால் எங்கள் கடைசிக் கதை போவதற்கு முந்தின வாரமே போன்காரர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்கு அப்புறம் பேசின ஆள் அவசரக்காரர். பழைய நம்பரில் போட்டுப் பார்த்தோம், எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த இன்டர்நெட் இடமும் மூடிவிட்டது என்று மகள் சொன்னாள்.

போவதற்கு முன் அவர் என்னிடம் ஒருதரம் பேசினார். கதையைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. “அய்யா, நண்டுக்குக் கொடுக்கு முழுசா மொளைச்சிருமா?” என்று மட்டும் கேட்டார். கடைசிக் கதையில் தெரியும், பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வாரம் வாரம் காத்திருக்க வைக்கிறதுதானே அந்தத் தொழில்? அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ. இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது, தமிழர்களுக்காக இன்டர்நெட்டில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த, அண்ணனைக் கடலில் விட்ட ஒரு மனிதரைத் தெரிந்திருந்தால், நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். முளைத்துவிட்டது. பழைய கொடுக்கைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் பிடிக்கிறது.